குரல் செய்தியை மொழிபெயர்க்கும் முன் சுத்தப்படி எடுப்பது எப்படி: ஒரு தோல் ஷாப்பு வாய்ஸ் மெசேஜை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பு செய்து கொடுப்பவர்களிடம் இப்போது கடிதம் அதிகம் வருவதில்லை, வாய்ஸ் மெசேஜ்தான் வருகிறது. ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சூப்பர்வைசர் நின்றபடியே போனில் பேசி அனுப்புகிறார். சென்னையில் இருக்கும் ஏஜெண்ட் அதை நமக்குத் தள்ளிவிட்டு, "இதை இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க, பார்ட்டிக்கு அனுப்பணும்" என்கிறார். சில சமயம் போனின் குரல் தட்டச்சு எடுத்த எழுத்துப்படியும் கூடவே வரும்.

அந்த எழுத்துப்படியை வைத்து நேராக ஆங்கிலத்தில் இறங்கினால் வேலை இரண்டு மடங்காகிறது. பேசியவர் என்ன சொன்னார் என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை இன்னொரு மொழியில் சொல்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், முதல் வேலையில் விட்ட பிழை இரண்டாவதில் நல்ல ஆங்கிலமாக மாறி ஒளிந்துகொள்ளும். அதனால் நடுவில் தமிழிலேயே ஒரு சுத்தப்படி எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று பேசியவரின் தயக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது. திக்கல் போகலாம், சந்தேகம் போகக் கூடாது. இந்த வேலையின் கஷ்டமே இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் இருக்கிறது.

கீழே உள்ளது வழிகாட்டிக்காக நானே கட்டிய செய்தி. ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு சிக்கலும் தினம் வருவதுதான். ஒரு மாட்டுத்தோல் ஆர்டர், ஷூ மேல்பகுதிக்கானது, இரண்டு நிறம். 9ஆம் தேதி திங்கள் இரவு வந்த செய்தி. எழுத்துப்படியில் நிறுத்தக்குறி எப்படி விழுந்ததோ அப்படியே கொடுக்கிறேன்.

"ஆ வணக்கம் சார் சொல்லுங்க இல்ல நான்தான் சொல்றேன் இந்த லாட்டு விஷயம் அது வந்து சார் இன்னா ஆச்சுன்னா மொத்தம் பன்னெண்டாயிரம் அடி இல்ல அதுல வந்து ஒம்போதாயிரம் இல்ல இல்ல எட்டாயிரம் எட்டாயிரம் அடி கறுப்பு அது வந்து ரெடி சார் அளந்து கட்டிக்கினு இருக்காங்க வெள்ளிக்கிழமை ஏத்திடலாம் சார். கறுப்பு ஒண்டி ப்ரவுனு வந்து அது இன்னும் க்ரஸ்ட்லயே கலர் கொஞ்சம் இது ஆயிடுச்சு சார் அவங்க குடுத்த சாம்பிளுக்கு செவப்பா அடிக்குது. ஸ்ப்ரேல சரி பண்ணிடலாம்னு மேஸ்திரி சொல்றாரு நக்கோ நக்கோ பண்ணா ஒரு நாலஞ்சு நாள் ஆவும் இல்லன்னா திருப்பி ட்ரம்முல போடணும் அது பத்து நாளு சார். என்னாண்ட கேட்டா சரி அத்த விடுங்க அவங்ககிட்ட கேட்டுட்டு சொல்லுங்க சார் அப்புறம் அந்த தடிமன் ஒன்னு புள்ளி ரெண்டு டு ஒன்னு புள்ளி நாலு அது ஓகே செக் பண்ணியாச்சு ஒரு அறுவது பீஸு ஒண்டி கம்மியா இருக்கு அத்த தனியா வெச்சிட்டோம் வெச்சிடுறோம் சரி சார்."

முதலில் கேளுங்கள், கை வைக்காதீர்கள்

எழுத்துப்படியை ஒரு நகல் எடுத்து, மூலத்தை அப்படியே தனியே வையுங்கள். பிறகு ஒலியை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை எதையும் திருத்தாமல் கேளுங்கள். எழுத்துப்படியில் குரல் கிடையாது. குரல் தாழ்ந்ததா, வேகம் மாறியதா, முகம் வேறு பக்கம் திரும்பியதா என்பதெல்லாம் ஒலியில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தச் செய்தியில் அதற்கு நல்ல உதாரணம் "நக்கோ நக்கோ". எழுத்தில் பார்த்தால் ஸ்ப்ரே வேண்டாம் என்று அவர் மறுப்பது போல இருக்கிறது. ஒலியைக் கேட்டால் அந்த இரண்டு வார்த்தையும் போனிலிருந்து விலகி, சற்று உரக்க ஒலிக்கின்றன, கூடவே டம்ளர் சத்தம். டீ கொண்டுவந்தவரிடம் தக்னி உருதுவில் வேண்டாம் என்று சொல்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துச் செய்திகளில் தமிழும் உருதுவும் இப்படிக் கலந்து வருவது சாதாரணம். குடியாத்தம், காட்பாடி பக்கம் என்றால் நடுவில் தெலுங்கு நுழையும். மொழி திடீரென்று மாறினால், அது நமக்குச் சொன்னதா, பக்கத்தில் நிற்பவருக்குச் சொன்னதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஆளுக்குச் சொன்னது சுத்தப்படியில் வரக்கூடாது.

இரண்டாவது முறை கேட்கும்போது எண்களுக்காக மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேகத்தைக் கூட்டத்தான் முடியும். அதனால் கோப்பைப் பதிவிறக்கி, வி.எல்.சி. போன்ற ஒரு பிளேயரில் முக்கால் வேகத்தில் ஓடவிடுவது வசதி. பேச்சில் "அறுவது", "இருவது" இரண்டும் தோலுக்குச் சாயம் ஏற்றும் ட்ரம் ஓடும் சத்தத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். முதல் எழுத்து அமுங்கிவிட்டால் மிஞ்சுவது "ருவது"தான். நம் செய்தியில் அந்த இடத்தில் முதல் ஒலி தெளிவாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப்படி அறுபது என்கிறது என்பதற்காக அறுபது ஆகிவிடாது. அங்கே நேரக்குறியோடு ஒரு அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள்:

```
[60 அல்லது 20? 1:04]
```

கூடவே கையில் என்ன தாள் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். ஆர்டர் தாள் ஒன்று இருந்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

திருத்தங்களைப் பிரிப்பது

பேச்சில் வரும் திருத்தத்துக்கு ஒரு அமைப்பு உண்டு. டச்சு உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1983ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை மூன்று பகுதியாகப் பிரித்தார். வண்ணப் புள்ளிகள் வரைந்த படங்களை ஆட்களிடம் கொடுத்து வாயால் விவரிக்கச் சொல்லி, அவர்கள் எங்கே தடுமாறித் திருத்திக்கொண்டார்கள் என்று பார்த்தார். முதல் பகுதி திருத்தப்படும் சொல், இரண்டாவது நடுவில் வரும் தயக்கம் அல்லது "இல்ல" போன்ற அறிவிப்பு, மூன்றாவது திருத்திய சொல். நமக்கு வேண்டியது மூன்றாவது மட்டும். முதல் இரண்டும் போய்விடும்.

"ஒம்போதாயிரம் / இல்ல இல்ல / எட்டாயிரம்" என்பதை இப்படிக் கோடு போட்டால் சிக்கலே இல்லை. 8,000 நிற்கும், மற்றது போகும். அடுத்து வரும் இரண்டாவது "எட்டாயிரம்" அழுத்தத்துக்காகச் சொன்னது. அதுவும் ஒன்றாகிவிடும்.

ஆனால் இரண்டு முறை வரும் சொல்லையெல்லாம் ஒன்றாக்கிவிடாதீர்கள். தமிழில் இரட்டிப்புக்குப் பொருள் உண்டு. "பத்து பத்து பீஸா கட்டு" என்றால் ஒவ்வொரு கட்டிலும் பத்து. அதைத் திக்கல் என்று நினைத்து ஒரு "பத்து"வை எடுத்துவிட்டால் மொத்தமே பத்து பீஸ்தான் என்று அர்த்தம் மாறிப் போகும்.

ஒலியில் சின்னதாக இருக்கும் திருத்தம்தான் ஆபத்தானது. கடைசியில் பாருங்கள்: "தனியா வெச்சிட்டோம் வெச்சிடுறோம்". இரண்டும் ஒரே வினை, ஒரே நீளம். அவசரமாகப் பார்த்தால் சொன்னதையே திருப்பிச் சொன்ன மாதிரி இருக்கும். முதலில் வந்ததை வைத்துக்கொள்ளவும் தோன்றும். ஆனால் அவர் காலத்தையே மாற்றிவிட்டார். "வைத்துவிட்டோம்" என்று சொல்ல வாயெடுத்தவர், இன்னும் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்து "வைத்துவிடுகிறோம்" என்று திருத்திக்கொண்டார். நடுவில் "இல்ல" என்ற அறிவிப்புகூட இல்லை. வாங்குபவருக்கு இது பெரிய வித்தியாசம். மெல்லிய தோல்கள் இன்னும் லாட்டோடு கலந்துதான் கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் ஒரே வினை இரண்டு முறை வந்தால் விகுதியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

இந்தச் செய்தியில் "இல்ல" நான்கு இடத்தில் வருகிறது, நான்கும் நான்கு வேலை செய்கிறது. "சொல்லுங்க இல்ல நான்தான் சொல்றேன்" என்பது பேச்சைத் தொடங்கும்போது வந்த தடுமாற்றம். அந்த வரி மொத்தமும் போகலாம். "பன்னெண்டாயிரம் அடி இல்ல" என்பதில் மறுப்பே இல்லை. "இல்லையா, உங்களுக்குத் தெரியுமே" என்ற பொருளில் எதிராளியைச் சேர்த்துக்கொள்ளும் சொல். அந்த இடத்தில் குரல் ஏறும். எழுத்துப்படியை மட்டும் பார்ப்பவர் "12,000 அடி இல்லை" என்று எழுதி, ஆர்டரே குறைந்துவிட்டதாக வாங்குபவரை அலறவைப்பார். மூன்றாவது, "இல்ல இல்ல", திருத்தம். நான்காவது, "இல்லன்னா", நிபந்தனை. அது கட்டாயம் நிற்க வேண்டும், அதில் ஒரு கேள்வியும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

அப்புறம், பாதியில் விட்ட பேச்சு. "என்னாண்ட கேட்டா சரி அத்த விடுங்க." அவர் ஏதோ தன் கருத்தைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். ட்ரம்மில் போடுவதுதான் நல்லது என்று சொல்ல வந்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும், எழுதாதீர்கள். அவரே திரும்ப எடுத்துக்கொண்டதை நாம் முடித்து வைப்பது நம் வேலை இல்லை. ஏஜெண்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லலாம், வாங்குபவருக்குப் போகும் படியில் அது வேண்டாம்.

எது நிரப்புச் சொல், எது இல்லை

நிரப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தேடு-மாற்று கொடுத்து எல்லாவற்றையும் நீக்குபவர்கள் இருக்கிறார்கள். தமிழில் அது சரிப்படாது. நிரப்புச் சொல்லாக வரும் எல்லாமே இன்னொரு இடத்தில் பொருளுள்ள சொல்தான். "அது வந்து ரெடி சார்" என்பதில் "வந்து" போகலாம். "லாரி வந்து ரெண்டு நாள் ஆச்சு" என்பதில் எடுத்தால் வாக்கியமே செத்துவிடும்.

அதனால் பட்டியலுக்குப் பதில் ஒரு சோதனை. சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். எவ்வளவு, எப்போது, யார், எவ்வளவு உறுதி என்ற நான்கில் எதற்காவது பதில் மாறுகிறதா? மாறவில்லை என்றால் அது நிரப்பு, போகட்டும். மாறினால் அது இருந்தாக வேண்டும்.

"ஒரு நாலஞ்சு நாள் ஆவும்" என்பதில் வரும் "ஒரு"வை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் "ஒரு" ஏறக்குறைய என்று சொல்கிறது. எடுத்தால் உறுதி கூடிவிடும். அதனால் சுத்தப்படியில் "சுமார் 4–5 நாள்". ஆனால் அடுத்து வரும் "பத்து நாளு"க்கு முன் "ஒரு" இல்லை. அங்கே "சுமார்" போடக் கூடாது. ஸ்ப்ரேக்கு ஆகும் நாளை மதிப்பாகவும், ட்ரம்முக்கு ஆகும் நாளைத் தெரிந்த கணக்காகவும் அவர் சொல்கிறார். "ஒரு அறுவது பீஸு" மறுபடியும் மதிப்புதான்.

"கொஞ்சம்" இன்னொரு இடறல். "கொஞ்சம் சொல்லுங்க" என்றால் மரியாதை, போகலாம். "கலர் கொஞ்சம் இது ஆயிடுச்சு" என்றால் அளவு, நிறம் பெரிதாக மாறவில்லை, சற்றே மாறியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் வாங்குபவர் மொத்தத்தையும் நிராகரிக்கக் கிளம்பிவிடுவார்.

"மேஸ்திரி சொல்றாரு" என்பதையும் சிலர் சுருக்கம் கருதி எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் மேஸ்திரியின் கருத்து கம்பெனியின் வாக்குறுதி ஆகிவிடும். "ஏத்திடலாம்", "சரி பண்ணிடலாம்" என்ற இரண்டிலும் உள்ள "-லாம்" அப்படித்தான். அவர் "ஏத்திடுவோம்" என்று சொல்லவில்லை. முடியும் என்றுதான் சொன்னார். சுத்தப்படியிலும் "ஏற்றிவிடலாம்" என்றே இருக்கட்டும்.

"சார்" எல்லாம் போகலாம். மரியாதையை மொழிபெயர்ப்பின் நடை பார்த்துக்கொள்ளும்.

வாக்கியம் எங்கே முடிகிறது

தமிழில் வினை கடைசியில் வரும் என்று பள்ளியில் படித்தோம். எழுத்தில் சரி. பேச்சில் வினையைச் சொல்லி முடித்த பிறகுதான் பலருக்கு முக்கியமானது ஞாபகம் வரும். "அனுப்பிட்டேன், நேத்தே, ரெண்டு கட்டும்" என்று வால் நீளும். குரல் தட்டச்சு வினையைக் கண்டதும் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. வால் அடுத்த வாக்கியத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறது.

நம் செய்தியில் "வெள்ளிக்கிழமை ஏத்திடலாம் சார். கறுப்பு ஒண்டி ப்ரவுனு வந்து" என்று விழுந்திருப்பது இதனால்தான். "ஒண்டி" என்றால் நம் பக்கத்துப் பேச்சில் "மட்டும்" என்று பொருள். தெற்கே உள்ள மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். புள்ளி இருக்கும் இடத்தை நம்பினால், வெள்ளிக்கிழமை மொத்தச் சரக்கும் ஏறுகிறது என்றும், அடுத்து ஏதோ கறுப்பும் ப்ரவுனும் சேர்ந்த ஒரு விஷயம் பேசுகிறார் என்றும் ஆகும். ஒலியில் கேட்டால் "ஒண்டி"க்குப் பிறகுதான் மூச்சு விடுகிறார். ஆக, புள்ளியை நகர்த்த வேண்டும்: வெள்ளிக்கிழமை கறுப்பு மட்டும் ஏற்றிவிடலாம். ப்ரவுன் தனிக் கதை.

என்னைக் கேட்டால், ஒட்டுமொத்த வேலையில் அதிகம் பணம் கைமாறுவது இந்த முற்றுப்புள்ளியில்தான். அதனால் எழுத்துப்படியில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் முதலில் அழித்துவிட்டு, ஒலியில் குரல் இறங்கி மூச்சு வரும் இடத்தில் நீங்களே புதிதாக வையுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும்.

காலி இடங்களை நிரப்புவது

பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்ததைத் தமிழில் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது, யார் செய்தார் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் தமிழிலேயே பதில் தேடிவிட்டு மொழிபெயர்ப்புக்குப் போங்கள். நீங்களாகச் சேர்த்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால், அது அவர் சொல் இல்லை என்று பிறகும் தெரியும்.

"கலர் இது ஆயிடுச்சு" என்பதில் "இது" ஒரு காலி இடம். வார்த்தை கிடைக்காமல் போட்டது. நல்ல வேளையாக அடுத்த வரியிலேயே "செவப்பா அடிக்குது" என்று அவரே நிரப்பிவிட்டார். அதனால் "இது ஆயிடுச்சு" முழுவதும் போகலாம். அந்த விளக்கம் வந்திருக்காவிட்டால் நாம் "மங்கிவிட்டது" என்றோ "கறுத்துவிட்டது" என்றோ ஊகிக்கக் கூடாது, கேட்கத்தான் வேண்டும்.

"அவங்க" இரண்டு முறை வருகிறது. சாம்பிள் கொடுத்தவர் வாங்குபவர், கேட்க வேண்டியதும் அவரிடம். [வாங்குபவர்] என்று எழுதலாம். ஆனால் "கட்டிக்கினு இருக்காங்க" என்பதில் எழுவாயே இல்லை. அது ஷாப்பு ஆட்கள். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாகப் போட்டாலும் போதும், அதனால் அங்கே எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

"அடி" என்பதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஷாப்பில் அடி என்றால் சதுர அடிதான். தோலை மெஷினில் அளந்து அந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். வெளியாள் ஒருவர் அதை நீளமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சுத்தப்படியில் "சதுர அடி" என்று விரித்துவிடுங்கள். "க்ரஸ்ட்" என்பதை அப்படியே விடலாம். பதனிட்டு, சாயம் ஏற்றி, உலர்த்தி, மேல்பூச்சு இன்னும் கொடுக்காத தோலுக்கு உலகமெங்கும் அதுதான் பெயர். வாங்குபவருக்கும் தெரியும்.

"ஒரு அறுவது பீஸு ஒண்டி கம்மியா இருக்கு" என்பது உண்மையிலேயே இரண்டு பொருள் தருகிறது. அறுபது பீஸ் எண்ணிக்கையில் குறைகிறதா, அறுபது பீஸ் தடிமனில் குறைகிறதா? அடுத்த வரியைப் பாருங்கள், "அத்த தனியா வெச்சிடுறோம்". இல்லாத தோலை யாரும் தனியாக வைக்க முடியாது. ஆக, தடிமன்தான். இப்படிச் செய்திக்குள்ளேயே விடை இருந்தால் கேட்காமல் தீர்க்கலாம். இல்லாதபோது மட்டும் கேள்வி.

கிழமைக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். திங்கள் 9ஆம் தேதி வந்த செய்தியில் வெள்ளி என்றால் 13. செய்தி தாமதமாகக் கைமாறும்போது "வெள்ளிக்கிழமை" எந்த வாரத்தது என்று குழம்பும். அதுவும் நம் சேர்க்கை என்பதால் அடைப்புக்குள்.

எழுத்து நடைக்கு மாற்றுவது

இது சுலபமான பகுதி. கட்டிக்கினு என்பது கட்டிக்கொண்டு, ஆவும் என்பது ஆகும், அத்த என்பது அதை, என்னாண்ட என்பது என்னிடம். ஒன்று மட்டும்: இலக்கியத் தமிழுக்குப் போக வேண்டாம். இந்தப் படியை யாரும் அச்சிடப் போவதில்லை. சூப்பர்வைசரிடமே திருப்பிக் காட்டினால் "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று அவர் தலையாட்ட வேண்டும். "வர்ணம்", "பிரதி" என்றெல்லாம் எழுதினால் அவருக்கு அது தன் பேச்சாகவே தெரியாது, சரிபார்க்கவும் மாட்டார்.

இவ்வளவும் செய்த பிறகு நம் செய்தி இப்படி நிற்கிறது:

"மொத்தம் 12,000 சதுர அடியில், கறுப்பு 8,000 சதுர அடி தயார். அளந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை [13ஆம் தேதி] கறுப்பு மட்டும் ஏற்றிவிடலாம்.

ப்ரவுன் இன்னும் தயாராகவில்லை. க்ரஸ்ட் நிலையிலேயே, [வாங்குபவர்] கொடுத்த சாம்பிளோடு பார்த்தால் நிறம் சற்றுச் சிவப்பாகத் தெரிகிறது. ஸ்ப்ரேயில் சரிசெய்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். அப்படிச் செய்தால் சுமார் 4–5 நாள் ஆகும். இல்லையென்றால் மீண்டும் ட்ரம்மில் போட வேண்டும், அதற்கு 10 நாள். [வாங்குபவரிடம்] கேட்டுச் சொல்லுங்கள்.

தடிமன் 1.2 முதல் 1.4 [மி.மீ.], சரிபார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. சுமார் [60 அல்லது 20?] பீஸ் மட்டும் தடிமன் குறைவாக இருக்கிறது. அவற்றைத் தனியாக வைத்துவிடுகிறோம்."

"இன்னும் தயாராகவில்லை" என்பதை உற்றுப் பாருங்கள். அவர் "அது இன்னும்" என்று சொல்லி நிறுத்திவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். அடுத்து வரும் நாள் கணக்கே ப்ரவுன் தயாராகவில்லை என்று காட்டுவதால் இதை முடித்து எழுதலாம் என்பது என் கட்சி. கறாராக இருப்பவர்கள் இதையும் அடைப்புக்குள் போடுவார்கள். தவறில்லை.

திருப்பிக் கேட்கும் கேள்விகள்

சுத்தப்படியை முடிக்கும்போது உங்களிடம் சில கேள்விகள் மிஞ்சும். ஷாப்பில் வேலையாக இருப்பவருக்கு நீளமாக எழுதினால் பதில் வராது, அல்லது இன்னொரு வாய்ஸ் மெசேஜ் வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒரு எண்ணிலோ ஒரு சொல்லிலோ தட்டச்சு செய்து பதில் சொல்லும்படி கேளுங்கள். இந்தச் செய்திக்கு நான் கேட்பது இதுதான்:

"பாய், நாலு சின்ன சந்தேகம். நம்பர் போட்டு டைப் பண்ணா போதும்.
1. மெல்லிசா இருக்கறது 60 பீஸா, 20 பீஸா?
2. தடிமன் பார்த்தது கறுப்பு மட்டுமா, ரெண்டு கலருமா?
3. நாலஞ்சு நாள், பத்து நாள், ரெண்டும் பார்ட்டி ஓகே சொன்ன நாள்லேர்ந்தா, இன்னியிலேர்ந்தா?
4. ட்ரம்முல போடறது பார்ட்டி ஸ்ப்ரே வேணாம்னு சொன்னாலா, இல்ல ஸ்ப்ரேல கலர் சரியா வரலைன்னாலா?"

நான்காவதுதான் மேலே விட்டுவைத்த "இல்லன்னா". வாங்குபவர் முடிவெடுக்கும் விஷயமா, ஷாப்பில் முயன்று பார்த்துத் தெரியும் விஷயமா என்பது அதில் தொங்குகிறது. முதலாவது என்றால் வாங்குபவருக்கு இரண்டு வழி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது என்றால் 4–5 நாள் போய், அது சரிப்படாமல் இன்னும் 10 நாள் என்று மொத்தமே இரண்டு வாரம் ஆகலாம். இதை நாமாக முடிவு செய்து எழுதினால், நாளை சரக்கு தாமதமாகும்போது "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்று வரும்.

தலைமுறை தலைமுறையாகப் பார்ட்டியிடம் பேசிப் பழகிய ஏஜெண்டுகள் சிலர், "அதெல்லாம் கேக்காதீங்க, எனக்குத் தெரியும், போடுங்க" என்பார்கள். சரி, ஆனால் அவர் சொன்ன பதிலை அவர் பெயரிலேயே குறித்து வையுங்கள், சூப்பர்வைசர் சொன்னதாக இல்லை. எந்தப் பதிலும் வராமல் நேரம் முடிந்துவிட்டால், அடைப்புக்குறியை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோங்கள். "60 அல்லது 20, உறுதி செய்யப்படவில்லை" என்று போனால் வாங்குபவரே திருப்பிக் கேட்பார்.

கடைசிச் சோதனை

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒலியை ஒருமுறை ஓடவிட்டு, கண்ணால் சுத்தப்படியைப் பின்தொடருங்கள். இம்முறை ஒலியை நிறுத்தாதீர்கள். படியில் இல்லாத ஒன்றைக் காது கேட்டால், அது வேண்டுமென்றே விட்டதா, தவறி விட்டதா என்று பாருங்கள். அப்புறம் தலைகீழாக, படியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒலியில் தேடுங்கள். 12,000, 8,000, 4–5, 10, 1.2, 1.4, கடைசியாக அந்தச் சந்தேகத்துக்குரிய 60 அல்லது 20 என்று ஏழு இடமும் கிடைக்க வேண்டும். 13ஆம் தேதி ஒலியில் கிடைக்காது, அதனால்தான் அது அடைப்புக்குள் இருக்கிறது. ப்ரவுன் 4,000 என்று கழித்துப் பார்த்து எழுதத் தோன்றும். அவர் அதைச் சொல்லவில்லை. ஆர்டர் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் அந்தக் கணக்கு.

எல்லாச் செய்திக்கும் இந்த முறை பொருந்தாது. சண்டை, புகார், பணத் தகராறு, போலீஸ், கோர்ட் என்று போகும் பேச்சில் திக்கலும் சாட்சிதான். "நான் குடு... வாங்கல" என்று ஒருவர் சொன்னால் அந்த "குடு" அங்கே எழுத்தில் இருந்தாக வேண்டும். அங்கெல்லாம் சொல்லுக்குச் சொல் எடுத்த படியைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துக்காக வேலூரில் இப்படி வேலை செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வலி எங்கே, எப்போதிலிருந்து என்று நோயாளி தடுமாறிச் சொன்னதைச் சீராக்கிவிட்டால், அந்தத் தடுமாற்றத்தையே கேட்க விரும்பும் டாக்டருக்கு அது போய்ச் சேராது. அங்கே தயக்கம் வந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்து, திருத்தத்தின் இரண்டு பக்கத்தையும் அப்படியே வையுங்கள். சரக்கு, தேதி, அளவு, விலை என்று போகும் வியாபாரச் செய்திக்குத்தான் சுத்தப்படி.